விலை விழுந்தால் வாங்கு, ஏறினால் வில்: கோலாலம்பூர் ரப்பர் கிடங்கின் 20 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரகடத்துல இருந்து ஆரம்பிக்குது, ஆனா சீக்கிரமே மலேசியாவுக்குப் போயிடும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல ஒரகடத்தைத் தாண்டிப் போறவங்களுக்கு அப்பல்லோ டயர்ஸ் தொழிற்சாலை தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர் இருக்கு. இந்தப் பக்கம் கார், லாரி, பஸ் எல்லாம் தயாராகுது, அதுக்குப் பக்கத்துலயே டயரும் தயாராகுது. அந்த டயருக்குள்ள போற முக்கியமான பொருள் மட்டும் எந்தத் தொழிற்சாலையிலயும் தயாராகிறதில்ல. அது மரத்துல இருந்து வடியுது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துலயும், கேரளாவுலயும், தாய்லாந்துலயும், இந்தோனேசியாவுலயும் ஒரு ஆள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் மரப்பட்டையைச் சீவி, கீழே ஒரு கிண்ணத்தைக் கட்டிவிட்டு வர்றார்.

செயற்கை ரப்பர் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா லாரி டயர் அதிகமா சூடாகும், நிறைய பாரம் தாங்கணும். அதுல இயற்கை ரப்பரோட பங்கைக் குறைக்கிறது கஷ்டம். விமான டயர்னா கேட்கவே வேண்டாம்.

இந்த ரப்பர் விலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்க நிக்கும்னே சொல்ல முடியாது. காரணம் எளிமையானது. ரப்பர் மரம் நட்டா பால் தர ஆறேழு வருஷம் ஆகும். இன்னைக்கு விலை ஏறிடுச்சுன்னு இன்னைக்கே கூடுதலா ரப்பர் கொண்டுவர முடியாது. விலை ஏறின வருஷம் எல்லாரும் மரம் நடுவாங்க, ஏழு வருஷம் கழிச்சு எல்லா மரமும் ஒண்ணா பால் தரும், விலை கீழே விழும். நடுவுல மழை அதிகமானா மரம் சீவ முடியாது, இலை உதிர்ற மாசங்கள்ல பால் குறையும். இன்னொரு பக்கம், டயர் வாங்குறவங்க எண்ணிக்கை ஊர்ப் பொருளாதாரத்தோட ஏறி இறங்கும். ரெண்டு பக்கமும் சேராத நாள்ல விலை தாறுமாறா ஓடும்.

இந்த ஓட்டத்தை நிறுத்த உலக நாடுகள் சேர்ந்து ஒரு தடவை உண்மையாவே முயற்சி பண்ணாங்க. 1980-ல இருந்து 1999 வரைக்கும் கோலாலம்பூர்ல ஒரு ஆபீஸ் இருந்தது. பேரு சர்வதேச இயற்கை ரப்பர் நிறுவனம், சுருக்கமா இன்ரோ. அதோட வேலை ஒண்ணே ஒண்ணுதான். விலை விழுந்தா ரப்பரை வாங்கிக் கிடங்குல வைக்கிறது, விலை ஏறினா எடுத்து விக்கிறது. நம்ம ரேஷன் அரிசிக்கும் கோதுமைக்கும் அரசு கையிருப்பு வைக்குதே, அதோட உலக அளவிலான சொந்தக்காரன்.

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி இந்த விலை யார் வயித்துல அடிச்சதுன்னு சொல்லிடறேன். அதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.

மலாயா ரப்பர் தோட்டங்கள்ல மரம் சீவினவங்கள்ல பெரும்பகுதி தமிழர்கள். இங்கிருந்து கப்பல்ல போனவங்க. 1920-கள்ல ஆங்கிலேய அரசு மலாயாவுலயும் இலங்கையிலயும் ஏற்றுமதியைக் குறைச்சு விலையைத் தூக்கிப் பார்த்தது. ஸ்டீவன்சன் திட்டம்னு பேரு. 1925-ல விலை பிச்சுக்கிட்டுப் போச்சு. அமெரிக்கர்களுக்குக் கோபம். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுல தோட்டம் போட்டது, ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள்ள ஃபோர்ட்லாண்டியான்னு ஒரு ஊரையே கட்டினார். கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த டச்சு இந்தியா, அதாவது இன்னைக்கு இந்தோனேசியா, நிம்மதியா மரம் நட்டுக்கிட்டே போச்சு. 1928-ல திட்டத்தைக் கைவிட்டாங்க. அடுத்த வருஷம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-களோட ஆரம்பத்துல தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. விலைப் பட்டியல்ல ஒரு எண் இறங்கினதுக்கு நாகப்பட்டினம் துறைமுகத்துல மூட்டையோட வந்து இறங்கினவங்க பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்கு அப்புறமும் மலேசியத் தோட்டத் தொழிலாளர் கூலியில ஒரு பகுதி ரப்பர் விலையோட கட்டப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் போட்ட ஒப்பந்தங்கள்லயே அது இருந்தது. விலை இந்த அளவுக்கு மேல போனா இவ்வளவு கூடுதல், கீழே போனா அது கிடையாது. ஆக, லண்டன்ல ஒருத்தர் டயர் வாங்கலைன்னா, சிலாங்கூர்ல ஒரு அம்மா மளிகைக் கடையில கடன் சொல்லணும்.

சரி, இன்ரோவுக்கு வருவோம்.

1976-ல ஐ.நா.வோட வர்த்தக, வளர்ச்சி மாநாடு நைரோபியில நடந்தது. காபி, கோகோ, தகரம்னு பல பொருள்களுக்கு இந்த மாதிரி கிடங்குகள் வைக்கணும்னு ஏழை நாடுகள் கேட்டாங்க. அந்தப் பேச்சுல இருந்து புதுசாப் பிறந்து உருப்படியா ஓடினது ரப்பர் ஒப்பந்தம் மட்டும்தான்னு சொல்லலாம். 1979 அக்டோபர்ல ஜெனீவாவுல முடிவாச்சு, 1980 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. உற்பத்தி பண்ற பக்கம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை. வாங்குற பக்கம் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள். செலவுல ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. வாங்குறவங்க ஏன் காசு போட்டாங்கன்னா, 1973 எண்ணெய் நெருக்கடி அவங்களைப் பயமுறுத்தியிருந்தது. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்துல இருந்துதானே வருது? இந்தியா இதுல சேரல. நம்ம ரப்பர் பெரும்பாலும் நம்ம டயருக்கே போயிடுச்சு, இறக்குமதிக்கும் கட்டுப்பாடு இருந்தது.

இப்போ விதிகள். ஒரு படிக்கட்டு மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. நடுப்படி, ஒரு கிலோவுக்கு 210 காசு. இது எந்த நாட்டுக் காசுன்னு கேட்டா பதில் கொஞ்சம் விசித்திரம்: மலேசிய சென்னும் சிங்கப்பூர் சென்ட்டும் பாதிப் பாதி கலந்த ஒரு காசு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுதான் வில்லன்.

விலை நடுப்படியில இருந்து 15 சதவீதம் கீழே, அதாவது 179 வாக்குல வந்தா, இன்ரோ வாங்க*லாம்*. 20 சதவீதம் கீழே, 168-க்கு வந்தா வாங்கியே *ஆகணும்*. மேலயும் இதே கணக்கு. 242-ல விக்கலாம், 252-ல வித்தே ஆகணும். நடுவுல இருக்கிற பெரிய இடைவெளியில சந்தை தன் பாட்டுக்கு ஓடலாம். எல்லாத்துக்கும் வெளியே 150-ம் 270-ம். விலை இதைத் தாண்டக்கூடாதுங்கிறதுதான் ஆசை.

மொத்தக் கொள்ளளவு 5.5 லட்சம் டன். அதுல 4 லட்சம் வழக்கமான கையிருப்பு. மீதி 1.5 லட்சம், விலை அந்த வெளி எல்லையை நெருங்கும்போது மட்டும் தொடக்கூடிய அவசரக் கையிருப்பு. ஒரு நாள் விலையைப் பார்த்து முடிவெடுக்க மாட்டாங்க. கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் சந்தைகள்ல மூணு ரகத்தோட விலையை எடுத்து, அஞ்சு சந்தை நாளோட சராசரியைப் பார்ப்பாங்க. யாராவது ஒருத்தர் ஒரே ஒரு நாள் விலையை அமுக்கி இன்ரோவை ஏமாத்த முடியாது.

இதுல எனக்குப் பிடிச்ச விதி இன்னொண்ணு. நடுப்படியையே நகர்த்தலாம். விலை மாசக்கணக்கா ஒரே பக்கம் படுத்துக் கிடந்தாலோ, கிடங்குல ஒரு அளவுக்கு மேல சேர்ந்தாலோ, 210-ஐயே குறைக்கணும். ஏன்னா எந்தக் கிடங்காலும் ஊசலாட்டத்தைத்தான் தடுக்க முடியும். நிஜமாவே விலை நிரந்தரமா இறங்கிட்டா அதை எதிர்த்து நிக்க முடியாது, நின்னா காசு தீர்ந்துடும். இதை எழுதி வச்சவங்க புத்திசாலிங்க.

1981-ல உலகப் பொருளாதாரம் சுணங்கினது. கார் விற்பனை படுத்தது. நவம்பர்ல இன்ரோ முதல் தடவையா வாங்க இறங்கினது. 1982 முழுக்க வாங்கிக்கிட்டே இருந்தாங்க. அந்த வருஷம் மே மாசம் நடுப்படியை 1 சதவீதம் குறைச்சு 207.9 ஆக்கினாங்க. 1985-ல மறுபடி விலை சரிஞ்சது, மறுபடி வாங்கினாங்க, நடுப்படி இன்னும் 3 சதவீதம் இறங்கி 201.66-க்கு வந்தது. அந்தக் கட்டத்துல கிடங்குகள்ல இருந்தது மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல.

அந்த எண்ணைக் கொஞ்சம் கண்ணால பார்ப்போம். புகையில காயவச்ச ஷீட் ரப்பரை 111 கிலோ கட்டா கட்டுவாங்க, ஒன்பது கட்டு சேர்ந்தா ஒரு டன். மூன்றரை லட்சம் டன்னும் ஷீட்டுன்னு வச்சுக்கிட்டா முப்பது லட்சம் கட்டுக்கு மேல. அதை அடுக்கணும், வாடகை கட்டணும், இன்ஷூரன்ஸ் கட்டணும். ரப்பர் தங்கம் இல்ல. ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும், நாளாக ஆகத் தரம் குறையும். அதனால பழைய கட்டை வித்துட்டுப் புதுக் கட்டை வாங்கிப் போட்டு மாத்திக்கிட்டே இருக்கணும். கிடங்குத் திட்டம்னு பேப்பர்ல எழுதும்போது இந்தச் செலவு யார் கண்ணுலயும் படாது.

1985 அக்டோபர்ல பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சது. தகரத்துக்கும் இதே மாதிரி ஒரு சர்வதேசக் கிடங்கு 1956-ல இருந்து ஓடிக்கிட்டு இருந்தது. அவங்க விலையை இறக்கவே மாட்டோம்னு பிடிவாதம் பிடிச்சாங்க. அந்த உயர்ந்த விலையைப் பார்த்து ஒப்பந்தத்துல இல்லாத நாடுகள், குறிப்பா பிரேசில், தகரத்தைக் கொட்டினது. தகரக் கிடங்கு கடன் வாங்கி வாங்கிக் குவிச்சது. அக்டோபர் 24 அன்னைக்கு, இனிமே எங்ககிட்ட காசு இல்லைன்னு கையை விரிச்சது. லண்டன் உலோகச் சந்தையில தகர வியாபாரத்தையே நிறுத்திட்டாங்க. அடுத்தது ரப்பர்தான்னு பலர் நினைச்சிருப்பாங்க.

ஆனா ரப்பர் பிழைச்சது. ரெண்டு வித்தியாசம். இன்ரோ கடன்ல வாங்கல, உறுப்பு நாடுகள் கொடுத்த ரொக்கத்துல வாங்கினது. அப்புறம் அந்த நகர்ற நடுப்படி.

மூணாவதா ஒண்ணும் நடந்தது, அதை யாரும் திட்டம் போடல. 1987-ல அமெரிக்காவுல எய்ட்ஸ் பயம் உச்சத்துல இருந்தது. ஒவ்வொரு நோயாளியோட ரத்தத்தையும் தொற்று இருக்கக்கூடியதா நினைச்சே நடந்துக்கணும்னு மருத்துவ ஊழியர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது. டாக்டர், நர்ஸ், பல் டாக்டர், எல்லாருக்கும் கையுறை வேணும். அதுக்குத் திரவ ரப்பர் பால் வேணும். மலேசியாவுல தெருவுக்குத் தெரு கையுறை கம்பெனி ஆரம்பிச்ச காலம் அது. ஷீட் போடப் போக வேண்டிய பால் கையுறைக்குப் போச்சு, கார் விற்பனையும் நல்லா இருந்தது, எல்லா ரக விலையும் ஏறினது.

இப்போ நடுப்படி 201.66. அதோட 15 சதவீதம் கூட்டினா சுமார் 232. விலை அதைத் தாண்டினதும் கிடங்குக் கதவைத் திறந்தாங்க. 1987 கடைசிப் பகுதியில இருந்து 1989-க்குள்ள கிட்டத்தட்ட மொத்தத்தையும் வித்து முடிச்சாங்க. 170, 180-ன்னு வாங்கினதை 230-க்கு மேல வித்தாங்க. ஆறேழு வருஷ வாடகையையும் வட்டியையும் கழிச்சுக்கிட்டாலும் இது சாதாரண விஷயம் இல்ல. இந்த மாதிரி சர்வதேசக் கிடங்குகள்ல வாங்கினதை முழுசா, கௌரவமா வித்து வெளியே வந்த கதை ரொம்ப அபூர்வம்.

ஆனா பாருங்க, கிடங்கு காலியானதுக்கு அப்புறம் மேல போற விலையைத் தடுக்க கையில எதுவும் இல்ல. கிடங்கு நிறைஞ்சா கீழ்ப்படியைக் காப்பாத்த முடியாது, காலியானா மேல்படியைக் காப்பாத்த முடியாது. வாங்குறவங்களுக்கு இது உறுத்தினது. விலை இறங்கும்போது எங்க காசுல வாங்கினீங்களே, ஏறும்போது ஏன் நிறுத்தலைன்னு.

1990-களோட ஆரம்பத்துல ஒரு சுத்து வாங்கினாங்க, சுமார் ரெண்டு லட்சம் டன். 1993-95-ல விலை ஏறினப்போ அதையும் வித்தாங்க. அதை வேகமா தாண்டிடறேன், ஏன்னா கதை முதல் சுத்தோட நகல்தான்.

1997-க்கு வருவோம். ஜூலை 2-ம் தேதி தாய்லாந்து தன் பணமான பாட்டை மிதக்க விட்டது. பாட் சரிஞ்சது, அதைத் தொடர்ந்து மலேசிய ரிங்கிட், இந்தோனேசிய ரூபியா எல்லாம் சரிஞ்சது. ரப்பர் விலையும் டாலர் கணக்குல விழ ஆரம்பிச்சது. உற்பத்தி நாடுகள் இன்ரோவைப் பார்த்தாங்க: வாங்குங்க! இன்ரோ தன் மீட்டரைப் பார்த்துட்டு, விலை ஒண்ணும் பெருசா விழலையேன்னு சொன்னது.

எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது, ஆனா பண மாற்று விகிதம் அன்னைக்கு இருந்ததுக்கு ரொம்பப் பக்கம். நெருக்கடிக்கு முன்னாடி ஒரு டாலருக்கு 2.50 ரிங்கிட், 1.43 சிங்கப்பூர் டாலர். ரப்பர் கிலோ ஒரு டாலர்னு வைங்க. மலேசியக் காசுல 250, சிங்கப்பூர்க் காசுல 143, ரெண்டோட சராசரி 196.5.

இப்போ நெருக்கடி வந்தாச்சு. ரப்பர் 70 அமெரிக்க சென்ட்டுக்கு விழுந்துடுச்சு, முப்பது சதவீத வீழ்ச்சி. டாலருக்கு 3.80 ரிங்கிட், 1.70 சிங்கப்பூர் டாலர். மலேசியக் காசுல 266. ஏறியிருக்கு! சிங்கப்பூர்க் காசுல 119. சராசரி 192.5. உலகச் சந்தையில முப்பது சதவீதம் விழுந்த பொருள், இன்ரோ மீட்டர்ல ரெண்டு சதவீதம்தான் விழுந்திருக்கு. காய்ச்சலோட சேர்ந்து தெர்மாமீட்டரும் உருகிட்ட மாதிரி.

இன்ரோ அதிகாரிகளைத் திட்டறது சுலபம். அவங்க விதிப்படிதான் நடந்தாங்க. நியாயமாப் பார்த்தா அந்த மீட்டர் முழுக்கப் பொய்யும் சொல்லல. மலேசியாவுல ரப்பர் வித்தவர் கையில ரிங்கிட்தானே வந்தது? ஆரம்பத்துல அவருக்கு அடி அவ்வளவு பலமா விழல. ஆனா உரம், மருந்துன்னு இறக்குமதிச் சாமான் விலை ஏறினது. அப்புறம் பணங்கள் கொஞ்சம் நிமிர்ந்ததும் உள்ளூர் விலையும் சேர்ந்து சரிஞ்சது. 1998-99-ல இன்ரோ வாங்க ஆரம்பிச்சப்போ அரசுகளோட பொறுமை முடிஞ்சு போச்சு. காசைக் கலக்கிற விதியை மாத்தணும், படியை உயர்த்தணும்னு உற்பத்தி நாடுகள் கேட்டாங்க. வாங்குற நாடுகள் சம்மதிக்கல. சந்தை தன் வேலையைப் பார்க்கட்டும்னு பேசுற காலமா அது மாறியிருந்தது. 1979-ல அவங்களுக்கு இருந்த எண்ணெய் பயமும் இல்ல.

1998 அக்டோபர்ல மலேசியா விலகறதா அறிவிச்சது. 1999-ல தாய்லாந்தும் இலங்கையும். உலகத்துலயே அதிகமா ரப்பர் எடுக்கிற நாடு தாய்லாந்து. அது வெளியே இருந்தா அந்தக் கிடங்குக்கு அர்த்தமே இல்ல. 1999 அக்டோபர்ல ஒப்பந்தத்தை முடிச்சுக்கிட்டாங்க.

அப்போ கிடங்குகள்ல மிச்சம் ஒரு லட்சம் டன்னுக்கு மேல இருந்தது. ஆபீஸ் மூடியாச்சு, சரக்கு இருக்கு. அதை என்ன பண்றது? ஒரேயடியா கொட்டினா விலை இன்னும் விழும். கொஞ்சம் கொஞ்சமா 2001 வரைக்கும் வித்தாங்க. விலையைத் தாங்கப் பிறந்த கிடங்கு, கடைசி ரெண்டு வருஷம் விலை மேல பாரமா உட்கார்ந்திருந்தது. 2001 கடைசியில ரப்பர் பல பத்தாண்டுகள்ல காணாத விலைக்குப் போச்சு. நம்ம கோட்டயம், குலசேகரம் விவசாயிகளும் அந்த வருஷங்களை மறந்திருக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் உலக அளவுல யாரும் மறுபடி கிடங்கு கட்டல. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து அவ்வப்போது ஏற்றுமதியைக் குறைச்சுப் பார்க்கிறாங்க. கேரள அரசு 2015-ல வேற வழி எடுத்தது. ரப்பரை வாங்கி அடுக்காம, கிலோவுக்கு 150 ரூபாய்னு ஒரு அளவு வச்சு, சந்தை விலை அதுக்குக் கீழே போனா வித்தியாசத்தை சிறு விவசாயியோட வங்கிக் கணக்குல போடறது. பூஞ்சைப் பிரச்சினை இல்ல, ஆனா விலை விழ விழ கஜானாவுல இருந்து போய்க்கிட்டே இருக்கும், திரும்பி வராது. இன்ரோ மாதிரி பின்னாடி வித்து எடுக்க எதுவும் இருக்காது.

தாய்லாந்து மட்டும் 2012-ல தனியா முயற்சி பண்ணது. சந்தை விலையை விட மேல வச்சு விவசாயிகள்கிட்ட வாங்கினாங்க. நடுப்படி கிடையாது, நகர்த்தற விதி கிடையாது, எப்போ விக்கணும்னும் எழுதி வைக்கல. விலை கீழே கீழே போச்சு. வித்தா நஷ்டம், விக்கப் போறாங்கன்னு செய்தி வந்தாலே சந்தை இன்னும் இறங்கும், விவசாயிகள் ரோட்டுக்கு வருவாங்க. அந்த ரப்பர்ல லட்சம் டன்னுக்கு மேல கிடங்குலயே கிடந்து, 2021-ல ஏலத்துல போச்சு. ஒன்பது வருஷம் பழைய ரப்பர்.